காகிதத்தில் மூன்று அப்பாக்கள்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, சிறுநீரகப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் அம்மா விண்ணப்பக் கோப்பை மூடி மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பேப்பர்படி உங்களுக்கும் உங்க தம்பிக்கும் அம்மா ஒருத்தர்தான். அப்பா வேற வேற ஆளுன்னு வருது."

தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்க வந்திருந்த அக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பதினான்கு வருடமாக ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறாள். சேர்க்கை நேரத்தில் சான்றிதழில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் ஒரு பெயர் என்று வருகிறவர்களை, "நோட்டரிகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க" என்று கண்ணை நிமிர்த்தாமலே திருப்பி அனுப்புகிறவள் அவள்தான். அவர்கள் வாசலில் நின்று விழித்த விழியை இப்போது தானே விழித்துக்கொண்டிருந்தாள்.

"எழுத்துதாங்க மாறியிருக்கு. நியூமராலஜிக்காக மாத்தினது. ஆள் ஒரே ஆள்தான்."

"எனக்குப் புரியுது. ஆனா அனுமதி கொடுக்கிறது நான் இல்ல, குழு. கூடப் பிறந்தவங்கன்னு சொல்லிக்கிட்டு வெளியாட்களைக் கூட்டிட்டு வந்து கிட்னி கொடுக்க வைக்கிறாங்க. அதனால குழுவுல ஒவ்வொரு எழுத்தா பாப்பாங்க. ரத்தப் பரிசோதனை பொருந்துது, நல்லதுதான். அதுகூட உறவுக்குப் பேப்பரும் வேணும். மூணு விதமா மாத்தின பேரும் என்னையே குறிக்கும்னு உங்க அப்பா ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கணும். கல்யாணப் பதிவுச் சான்றிதழ்ல இருக்கிற பழைய கையெழுத்தைப் போட்டு. நாளைக்கு மதியம் பன்னெண்டுக்குள்ள. வியாழக்கிழமை குழு. விட்டா அடுத்தது ரெண்டு வாரம் கழிச்சுத்தான்."

இரண்டு வாரம் என்பது தம்பிக்குப் பெரிய கணக்கு. டயாலிசிஸுக்காகக் கையில் போட்ட இணைப்பு இரண்டு முறை அடைத்துப்போய், இப்போது கழுத்தில் குழாய் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதிலும் போன வாரம் சீழ் பிடித்துக் காய்ச்சல். இன்னொரு காய்ச்சல் வந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதுவரைக்கும் தள்ளிவைப்பது என்று அவர் சொல்லவில்லை.

கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்துக்கு நின்றாள். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வந்த பேருந்தில் ஏறி, அது வேறு வழி போகிறது என்று தெரிந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தாள்.

இந்த மூன்று அப்பாக்களையும் பெற்றெடுத்தவர் ஒருவர் இருந்தார். அவரை வீட்டில் "கூட்டல்" என்றுதான் சொல்வார்கள். அம்மா போய்ச் சேர்ந்த வருடம் அப்பா அவரைத் தேடிப் பிடித்தார். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. ஏ என்றால் ஒன்று, எச் என்றால் ஐந்து, யு என்றால் ஆறு. பெயரோடு அப்பா பெயரையும் முழுதாகச் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பார். தம்பிக்கு இருபத்திரண்டு வந்தது. ஒன்று கூடினால் இருபத்துமூன்று, தொழிலுக்கு ராஜ எண் என்றார். அக்காவுக்கு இருபத்தெட்டு. ஐந்து கூடினால் முப்பத்துமூன்று, அது ஆறு, கல்யாண எண். அப்பாவுக்கு இருபத்தாறு. "எட்டு! அதான் வீட்டுக்காரம்மாவைக் கொண்டுபோயிடுச்சு" என்று அவர் சொன்ன நிமிடத்தில் அப்பா மொத்தமாக அவர் கையில் போய்விட்டார்.

சொந்தப் பெயரில் கை வைத்தால் கூப்பிடுகிற சத்தம் கெட்டுவிடுமாம். அதனால் கூட்டல் கை வைத்ததெல்லாம் அப்பா பெயரில். மகனுடைய பெயருக்குப் பின்னால் வரும் அப்பாவுக்கு ஒரு ஏ, மகளுடைய அப்பாவுக்கு ஒரு எச், அப்பாவின் சொந்த அடையாள அட்டையில் ஒரு யு. தம்பி முறைப்படி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, அரசிதழில் வெளியிட்டு, அடையாள அட்டையை மாற்றினான். பிறப்புச் சான்றிதழ் மட்டும் பழையபடி. அக்காவின் பிறப்புப் பதிவில் குழந்தை பெயரே சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அதைச் சேர்க்கப் போன அப்பா, போன கையோடு தன் பெயரையும் எச் போட்டுத் திருத்தி வாங்கிக்கொண்டு வந்தார். அப்போது அது பெரிய சாமர்த்தியமாக இருந்தது. ராஜ எண் வந்த இரண்டாம் வருடம் தம்பியின் ஏசி பழுதுபார்க்கும் கடை மூடப்பட்டது, நான்காம் வருடம் சிறுநீரகம் பழுதானது. கல்யாண எண்ணோடு அக்காவுக்கு முப்பத்தாறு வயதாகிறது, கல்யாணம் இன்னும் ஆகவில்லை. எண் இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும் என்பது அப்பாவின் கட்சி. இந்தக் கட்சியை யாரும் தோற்கடிக்க முடியாது.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் அப்பா தலையை ஆட்டினார். ஆமாம் என்கிற ஆட்டல் இல்லை.

"வேற என்ன வேணும்னாலும் கேளு. அந்தப் பேரை எழுத மாட்டேன்."

"ஒரு தடவைதாம்ப்பா. ஒரே ஒரு பத்திரம்."

"ஒரு தடவை போதும். ஆபரேஷன் கோப்புல கொண்டுபோய் அந்த எட்டைச் சொருகச் சொல்றியா? உங்க அம்மா ஆஸ்பத்திரி ஃபாரத்துலயும் நான் அந்தப் பேரைத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதே கையாலதான் போட்டேன். திரும்பி வந்தாளா?"

பிடிவாதம் என்று திட்டலாம் என்றுதான் அக்கா வாயைத் திறந்தாள். அந்தப் பிடிவாதத்துக்குள் இருந்தது பயம் என்று தெரிந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. அப்பா எழுந்து போய்க் கூட்டலுக்கு போன் போட்டார். பழைய பேரை ஒருமுறை எழுதினாலும் ஒன்பது வருடப் பலன் கலைந்துவிடும் என்று அந்தப் பக்கத்திலிருந்து தெளிவாக வந்தது. போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்க அவளுக்குக் கை பரபரத்தது.

மறுநாள் காலை எட்டு மணி. பத்துக்கு நோட்டரி வருவார், பன்னிரண்டுக்குக் கோப்பு போக வேண்டும். அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள், மறுபடி பற்றவைத்தாள். தம்பி சுவரோடு சாய்ந்து, வீங்கிய காலை நாற்காலியில் நீட்டியிருந்தான்.

"விடுக்கா, அடுத்த கூட்டத்துக்குப் பாத்துக்கலாம்" என்றான்.

அந்தச் சமாதானம்தான் அவளை உடைத்தது. சொல்லக் கூடாது என்று ராத்திரி முழுக்க விழுங்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, குழுவுல முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? பேப்பர்ல அம்மா பேரு ரெண்டு பேருக்கும் ஒன்னு. அப்பா வேற. அப்ப அம்மாவுக்கு ரெண்டு புருஷனான்னு கேப்பாங்க. கேமரா வெச்சுப் பதிவு பண்ணிக் கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்? எங்க அப்பாவுக்கு எண் சரியில்ல, அதனால எங்க அம்மா பேரு கெட்டாலும் பரவாயில்லைன்னு சொல்லட்டுமா?"

"அக்கா!" என்றான் தம்பி.

அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தான்களை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தார். அதைச் சொல்ல அக்காவுக்குத் தைரியம் வரவில்லை.

"அந்த நோட்டரி சீக்கிரம் வருவாரா?" என்றார்.

நோட்டரி நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டிருந்தார். தட்டச்சுக்காரர் முத்திரைத்தாளில் பழைய பெயருக்குக் கீழே, மாற்றிய மூன்று பெயர்களையும் ஒரே வரியில் அடித்துக் கொடுத்தார்: இவை மூன்றும் என் ஒருவனையே குறிக்கும், கீழ்க்கண்ட இருவரும் எனக்கும் என் மனைவிக்கும் பிறந்தவர்கள். அப்பா மெதுவாகப் படித்தார். மனைவி பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். பேனாவை வாங்கி, கண்ணை இறுக்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டார்.

நோட்டரி கல்யாணச் சான்றிதழை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பொருந்தலையே பெரியவரே. இதுல சுழி வேற மாதிரி இருக்கு. இதை வெச்சு நான் அத்தாட்சி பண்ணினா அங்க திருப்பி அனுப்பிடுவாங்க."

ஒன்பது வருடம் யு போட்டே எழுதிய கை, பழைய பெயரை மறந்துபோயிருந்தது. நோட்டரி வீணான ஒரு தாளைத் திருப்பி முன்னால் வைத்தார். "இதுல போட்டுப் பாருங்க. கை பழகட்டும். நான் வேற தாள் அடிக்கச் சொல்றேன்."

ஒரு முறை எழுதவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர், அந்தப் பெயரை எழுதத் தொடங்கினார். முதல் வரி கோணியது. இரண்டாவதில் நடுவில் யு நுழைந்துவிட்டது, அடித்தார். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், பத்து ஐம்பது. அப்பா எழுதிக்கொண்டே போனார். உதடு எதையோ முணுமுணுத்தது. எண்களை எண்ணுகிறாரோ என்று குனிந்து கேட்டாள். மகன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கம் நிறைகிற வரைக்கும் அவர் நிறுத்தவில்லை. புதுத் தாளில் போட்டபோது சுழி தானாக வந்து உட்கார்ந்தது.

கோப்பு போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருந்தது.

வியாழக்கிழமை, நீளமான ஒரு மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் கேமரா. முதலில் அப்பாவைக் கூப்பிட்டு, மூன்று பெயரும் உங்களுடையதுதானா என்று கேட்டார்கள். "ஆமாங்க, மூணும் நான்தான்" என்றார். ஏன் மாற்றினீர்கள் என்றதற்கு, "பயத்துலங்க" என்று மட்டும் சொன்னார். அவரை வெளியே அனுப்பிவிட்டு அக்காவைத் தனியாக உட்கார வைத்தார்கள்.

"உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? பயப்படாம சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா, காரணத்தை வீட்டுல சொல்ல மாட்டோம்."

"என்னையா?" என்றாள். "நான்தாங்க மூணு நாளா எல்லாரையும் கட்டாயப்படுத்திட்டிருக்கேன்."

ஒருவர் சிரித்துவிட்டார். நடுவில் இருந்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. தாள்களைப் புரட்டி, பத்திரத்தின் மேல் விரலை ஓட்டி, கையெழுத்துப் போட்டார். பிறகு ஒப்புதல் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தி, நிதானமாக வாசித்துக் காட்டினார். இடப்பக்கச் சிறுநீரகம். மயக்க மருந்து. ரத்தப்போக்கு வரலாம். அரிதாக உயிருக்கும் ஆபத்து வரலாம். இனி வாழ்நாள் முழுக்க ஒன்றோடுதான். போன மாதமே இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டியிருந்தாள். இப்போதுதான் முதல் முறையாகக் காதில் விழுந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே நடைபாதையில் அப்பா எழுந்து ஓடி வந்தார். "என்னம்மா சொன்னாங்க? கொடுத்துட்டாங்களா?"

"கொடுத்துட்டாங்கப்பா."

அவர் சுவரில் கையை ஊன்றி மூச்சு விட்டார். அவள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் கோப்பு, சான்றிதழ், நோட்டரி என்று ஓடியதில் இதற்கு நேரமே கிடைக்கவில்லை. இனி ஓடுவதற்கு எந்த இடமும் இல்லை.

"அப்பா, எனக்குப் பயமா இருக்குப்பா."

எந்தப் பயத்துக்கும் அவரிடம் ஒரு எண் இருக்கும். அதற்காக அவள் காத்திருந்தாள். அவர் அவளருகே உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும்தாம்மா" என்றார்.