திரும்பிப் பறந்த நாற்பத்து மூன்று பறவைகள்

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே பட்டன் என்றாகிவிட்டது. வைத்த புண்ணியவான், சினிமா போஸ்டர் பிரிவின் மூத்த டிசைனர். "யோசிக்கிறதெல்லாம் நான், அவ சும்மா பட்டன் அழுத்துவா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே அதை ஒட்டவைத்தார்.

ஆறு வருஷம், பதினொரு போஸ்டர். ராத்திரி பகல் பாராமல் செய்தவள் இவள், மூலையில் பெயர் போட்டுக்கொண்டவர் அவர். போன போஸ்டர் ஒட்டியபோது அவளுடைய அம்மா தெருமுனையில் நின்று, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "உன் பேரு எங்கடி?" என்று கேட்டாள். அடுத்த போஸ்டரில் தன் பெயர் வர வேண்டும், அதுவும் அந்த மனுஷன் கண்ணெதிரே என்று அன்றைக்கே அவள் கறுவிக்கொண்டாள்.

அடுத்த போஸ்டரும் வந்தது. மலை உச்சியில் வலப்பக்கம் கதாநாயகி, பின்னால் சாயங்கால வானம். சூரியன் படத்துக்கு வெளியே, இடப்பக்கம். வானம் வெறிச்சென்று இருக்கிறது, பறவைக் கூட்டம் வேண்டும் என்றார் டைரக்டர்.

வேறு யாராவது என்றால் ஒரு பறவையை வெட்டி நாற்பது தடவை ஒட்டியிருப்பார்கள். எல்லாம் ஒரே மாதிரி இறக்கை விரித்து அணிவகுப்பு போல நிற்கும். இவள் நாற்பத்து மூன்று பறவைகளைத் தனித்தனிப் படங்களிலிருந்து வெட்டினாள். ஒன்றுக்கு இறக்கை மேலே, ஒன்றுக்குக் கீழே. ஓரிடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு ஏழெட்டு, அப்புறம் வெற்றிடம், அப்புறம் வழி தவறிய மாதிரி ஒன்று. கிட்டே இருப்பவை பெரிதாக, இறக்கை நுனியில் மட்டும் அசைவின் கலங்கலோடு. தூரத்தில் இருப்பவை சிறுத்து, வெளிறி, பின்னால் இருக்கும் மேகம் எவ்வளவு மங்கலோ அவ்வளவே மங்கலாக. எல்லாம் வலப்பக்கம் நோக்கிப் பறந்தன. வெயில் இடப்பக்கத்திலிருந்து வருவதால் வால்பக்கம் மட்டும் பொன்னிறமாக மின்னியது.

வேலை முடிந்ததும் அவள் இன்னொன்று செய்தாள். கடைசி நேரத்தில் எதையாவது இடவலமாக மாற்றச் சொல்வது டைரக்டரின் வழக்கம், அது அவளுக்கு அத்துப்படி. அதனால் அதே நாற்பத்து மூன்றும் இடப்பக்கம் பறக்கும் இன்னொரு கூட்டத்தையும் தன் கணினியில் தயாராக வைத்தாள். அதில் வெயில் பறவைகளின் முகத்தில் விழுந்தது. மூத்தவரிடம் மூச்சு விடவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு வெளிச்சத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போனபோது, "நீ பட்டனை மட்டும் அழுத்து" என்று எல்லார் முன்னாலும் வாயடைத்தவர் அவர்தானே.

அன்று மதியம் டைரக்டர் வந்தார். மூத்தவர் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பறவையையும் தன் கையால் பறக்கவிட்டதாக அளந்தார். அவள் சுவரோரம் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். டைரக்டர் ரசித்துப் பார்த்துவிட்டு, பறவைகள் கதாநாயகி பக்கமிருந்து புறப்பட்டு சூரியனைப் பார்த்துப் போனால் நன்றாயிருக்கும் என்றார். சுவரோரம் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இவ்வளவுதானே என்று மூத்தவர் கூட்டத்தை அப்படியே கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பினார். டைரக்டர் முகம் சுளித்தார். பெரிய பறவைகள் கதாநாயகியின் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டன. அதைவிட மோசம், சூரியன் இடப்பக்கம் இருக்க, வலப்பக்கம் திரும்பிவிட்ட வால்கள் பளபளத்தன.

"சூரியன் அங்க இருக்கு. இதுங்களுக்கு வெயில் இங்கேருந்து எப்படி விழுது?"

மூத்தவர் நிறத்தை மாற்றினார், எல்லாம் கறுத்தன. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கலங்கலைக் கூட்டினார், கூட்டமே கறைபோல ஆனது. முகத்தில் ஈயாடவில்லை. திருதிருவென்று விழித்துக்கொண்டு சுவரோரம் பார்த்தார். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைச் செஞ்சது நிஜமா யாரு?" என்றார் டைரக்டர்.

அப்போதுதான் அவள் எழுந்தாள். மூத்தவர் நாற்காலியை விட்டு நகரும்வரை பக்கத்தில் நின்றாள். அவசரமே படவில்லை. உட்கார்ந்து, தன் கணினியிலிருந்த கூட்டத்தைக் கொண்டுவந்து வைத்தாள். நாற்பத்து மூன்றும் முகத்தில் வெயில் வாங்கிக்கொண்டு சூரியனை நோக்கிப் போயின. டைரக்டர் மூலையிலிருந்த பெயரைக் காட்டி, அதை எடுத்துவிட்டு அவளுடையதைப் போடச் சொன்னார். மூத்தவர் பார்த்துக்கொண்டே நிற்க, ஒவ்வோர் எழுத்தாக நிதானமாக அடித்தாள்.

டைரக்டர் போனதும் மூத்தவர் அவள் மேஜைக்கு வந்தார்.

"ரெண்டாவது கூட்டம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

அவள் தலையைத் தூக்கவில்லை.

"நான் பட்டன்தானே அண்ணே. நீங்க அழுத்தவே இல்லையே."