வ என்றால் வரவு

பழைய தமிழ் எழுத்தும் கணக்கும் படிக்கும் வகுப்பில் நான் சான்றிதழ் வாங்கியவன். சனிக்கிழமைதோறும் நடந்த வகுப்பு அது. ஒரே ஒரு வாரம்தான் போகவில்லை. அன்று மாங்காட்டில் ஒரு கிரகப்பிரவேசம், மதியம் பிரியாணி. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன். பருத்திப்பட்டில் எங்கள் ஃபிளாட்டுக்கு யார் வந்தாலும் அதற்கு நேர் எதிரே உட்காரும்படி நாற்காலியையும் போட்டு வைத்திருந்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கூட அதைப் படித்துவிட்டுத்தான் போனார் என்று என் மனைவி தாட்சாயிணி எல்லோரிடமும் சொல்வாள். அது உண்மைதான்.

அந்தப் புகழ் முத்தாபுதுப்பேட்டை வரை பரவியதற்கு டில்லிபாபு காரணம். அவருடைய தானியக் கடையில்தான் எங்களுக்கு மாதாமாதம் அரிசி. பரணைப் பிரித்தபோது, அந்தக் காலத்தில் கடை வைத்திருந்த அவருடைய கொள்ளுத்தாத்தா அய்யாசாமி எழுதிய கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. சுதந்திரத்துக்கு முந்தைய ஓர் ஆடி மாதம், அவர்கள் தெரு வேம்புலியம்மன் கோயிலில் கூழ் வார்க்க எந்தெந்த வீட்டிலிருந்து எவ்வளவு கேழ்வரகு வந்தது என்று அதில் எழுதியிருந்தார்.

"இந்த வருசம் அந்தப் பேரையெல்லாம் நோட்டீஸ்ல போடலாம்னு கமிட்டில சொல்லிக்கினு கீறாங்க சார். அந்தக் குடும்பத்துக்காரங்களுக்கு மொதல்ல கூழ் குடுத்து மரியாத பண்ணலாம்னு. எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியல. நீங்கதான் படிச்சிருக்கீங்களே" என்றார் டில்லிபாபு.

நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். துடைக்க வேண்டிய அவசியம் இல்லை.

பெயர்கள் சுலபமாகவே இருந்தன. பத்தொன்பது வீடுகள். பெயருக்கு நேரே 'படி' என்று எழுதி அளவு போட்டிருந்தது. நாகப்பன் என்ற பெயருக்கு நேரே ௫. ஐந்து படி. இன்னொரு வீட்டுக்கு ௨, மற்றொன்றுக்கு ௧. எனக்குத் தமிழ் எண்கள் தெரியும், கடகடவென்று சொன்னேன். டில்லிபாபுவின் கண்கள் விரிந்தன. அதோடு எழுந்து வந்திருக்கலாம்.

மீதிப் பதினாறு வீடுகளுக்கு எண்ணே இல்லை. ஒன்பது பெயருக்கு நேரே 'வ' மாதிரி ஓர் எழுத்து மட்டும் நின்றது. ஐந்து பெயருக்கு ஒரு சுழித்த குறி. இரண்டுக்கு வேறொரு குறி.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருப்பவன். கணக்கு நோட்டில் 'வ' என்றால் எனக்கு வேறென்ன தோன்றும்? "வரவேண்டியது" என்றேன். "தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள், தரவில்லை." சுழித்த குறியைக் கடைக்காரரின் சுருக்கக் கையெழுத்து என்றேன். மூன்றாவது குறிக்கு ஒரு நொடி யோசித்தேன். "வீட்டில் ஆள் இல்லை" என்று அறிவித்தேன். எங்கிருந்து வந்தது அந்த அறிவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடியில் கூட்டுத்தொகை 'ஆக ௰௪வ' என்றிருந்தது. பதினாலு, பக்கத்தில் அதே வ. "பதினாலு படி வரவு" என்றேன். மேலே வரவேண்டியதாக இருந்த எழுத்து கீழே வருவதற்குள் வரவாகிவிட்டது. அது என்னை உறுத்தவில்லை. உறுத்தியது வேறொன்று. ஐந்தும் இரண்டும் ஒன்றும் எட்டுத்தானே.

"உங்க கொள்ளுத்தாத்தாவுக்குக் கூட்டல் கொஞ்சம் தகராறுபோல" என்று சிரித்தேன். "ஆறு படி அதிகமா போட்டிருக்கார்."

டில்லிபாபு சிரிக்கவில்லை. "கடக்காரரு சார் அவரு" என்று மட்டும் சொன்னார்.

நோட்டீஸ் அச்சாயிற்று. தெருமுனையில் பேனரும் கட்டினார்கள். 'அன்று கேழ்வரகு வழங்கிய மூன்று குடும்பங்கள்' என்று பெரிய எழுத்தில் மூன்று பெயர்கள். அதற்குக் கீழே, நான் கேட்டுக்கொள்ளாமலேயே (ஒரே ஒரு முறை ஜாடையாகச் சொன்னேன்), 'கணக்கைப் படித்து உதவியவர் திரு. நடேசன்' என்றும் இருந்தது. நான் அலுவலகம் போகும் வழி அதுவல்ல. ஆனாலும் அந்த வாரம் அந்த வழியாகத்தான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கமிட்டிக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பொன்னாடை இருக்கும் என்று நினைத்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். அங்கே சரசா காத்திருந்தார். பீரங்கித் தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்ப்பவர், கோயிலில் வருடாவருடம் கூழ் கிண்டும் பெண்களுக்குத் தலைவி. அவருடைய மாமனாரின் அப்பா பச்சையப்பன். பட்டியலில் 'வ' போட்ட ஒன்பது பேரில் ஒருவர்.

"எங்க ஊட்ல சொல்லிட்டுக் குடுக்கலன்னு சொன்னீங்களாமே" என்றார். குரல் உயரவில்லை.

"நான் சொல்லலம்மா. நோட்டு சொல்லுது."

"எங்கள்ல பாதிப் பேரு அந்தக் காலத்துல கூலிக்கு நாத்து நட்டவங்க. இல்லன்னா இல்லன்னுவாங்க. தர்றேன்னு சொல்லிட்டு ஆத்தாள ஏமாத்த மாட்டாங்க."

"அதெல்லாம் உணர்ச்சி. கணக்கு வேற."

"சரி, கணக்கே பேசுவோம். பதினாறு ஊடு குடுக்கலன்னா, குடுக்காதவன் பேர எதுக்கு சார் வரிசையா எழுதி வச்சிக்கீறாரு? அவருக்கு வேற வேல இல்லியா?"

டில்லிபாபு மேலே மின்விசிறியைப் பார்த்தார். பொன்னாடை ஒரு பிளாஸ்டிக் கவரில் மேசைமேல் இருந்தது. அது அங்கேயே இருந்தது. "கூட்டல் போட்டு நிரூபிக்கிறேன்" என்று சொல்லி நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் நோக்கம் உயர்ந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சரசா சொன்னது தவறு என்று காட்டுவதுதான் நோக்கம். சாப்பிட்டு முடித்து, கூடத்து மேசையில் நோட்டை விரித்தேன். முதன்முறையாக அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதுவரை திருப்பவில்லை, புகழுக்கு ஒரு பக்கமே போதுமானதாக இருந்தது.

அடுத்த பக்கம் செலவு. திருவிழா இரண்டு நாள், ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நாள் அளவும் 'ஆக' என்று கூட்டுத்தொகையும். முதலில் நொய். முதல் நாள் ௨வ, இரண்டாம் நாள் ௨வ.

செலவுப் பக்கத்தில் வரவு எப்படி வரும்? கணக்குப் பிரிவில் நேற்றுச் சேர்ந்த பெண்கூடக் கேட்டிருப்பாள். 'ஆக' என்ற இடத்தில் ௪ போட்டு, பக்கத்தில் அந்தச் சுழித்த குறி இருந்தது. கடைக்காரரின் கையெழுத்து.

அடுத்த வரி கொண்டைக்கடலை. முதல் நாள் ஒரு கையெழுத்து, இரண்டாம் நாள் ஒரு கையெழுத்து. ஆக ௧.

இரண்டு கையெழுத்தைக் கூட்டினால் ஒன்று. அப்படியென்றால் ஒரு கையெழுத்து அரை. நொய்யில் இரண்டும் இரண்டும் நாலு போக, இரண்டு வ சேர்ந்து அரை ஆனால், ஒரு வ கால். கீழே உப்பு: முதல் நாள் அரை, இரண்டாம் நாள் வ. ஆக, 'வீட்டில் ஆள் இல்லை'.

"முக்கால்" என்று உரக்கச் சொல்லிவிட்டேன்.

"என்ன முக்கால்?" என்று சமையலறையிலிருந்து தாட்சாயிணி கேட்டாள்.

"ஆளு வீட்லதான் இருந்திருக்காங்க" என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

வகுப்பின் வாட்ஸப் குழுவைத் தேடினேன். பிரியாணி சாப்பிட்ட வாரத்துப் பாடம், நான் தரவிறக்காமல் விட்ட ஒரு படமாக மங்கலாகக் கிடந்தது. தலைப்பு 'பின்னங்கள்'. தொட்டேன். கால், அரை, முக்கால். மூன்றும் அய்யாசாமி எழுதியது போலவே இருந்தன. காலுக்குப் பக்கத்தில் ஆசிரியர் 'வ என்ற எழுத்தென்று ஏமாற வேண்டாம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

முதல் பக்கத்துக்குத் திரும்பிக் கூட்டினேன். ஒன்பது கால், இரண்டேகால். ஐந்து அரை, இரண்டரை. இரண்டு முக்கால், ஒன்றரை. மொத்தம் ஆறேகால். முழுப் படி தந்த மூன்று வீட்டு எட்டோடு சேர்த்தால் பதினாலேகால். ௰௪வ. அய்யாசாமியின் கூட்டலில் ஓர் ஆழாக்குகூடப் பிசகில்லை. தகராறு இருந்தது வேறொருவருக்கு.

மாலையில் கடைக்குப் போனேன். சரசாவையும் வரச் சொல்லியிருந்தேன். வழி நெடுக ஒரு முன்னுரை தயார் செய்தேன். எழுத்து வடிவங்களின் வளர்ச்சி, வட்டார வேறுபாடு என்றெல்லாம். கடைக்குள் நுழைந்ததும் சரசா என்னைப் பார்த்த பார்வையில் அது மறந்துபோயிற்று.

"நான் தப்பாப் படிச்சிட்டேன்" என்றேன். "எல்லாரும் குடுத்திருக்காங்க. வ-ன்னா கால். உங்க வீட்ல கால் படி."

டில்லிபாபு நோட்டை இழுத்து, விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே தானே ஒரு முறை கூட்டினார். முடித்துவிட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டார். "கரீட்டா கீது" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

சரசா டில்லிபாபுவின் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தார். ஐந்து படி, பத்துப் படி என்று மனத்தில் வைத்திருந்தாரோ என்னவோ. கால் படி என்று சொன்னது இன்னொரு அவமானமாகிவிட்டதோ என்று பயந்தேன்.

"கால் படிதானா" என்றார்.

"ஆமாம்மா."

"அன்னிக்கி அவுங்க ஊட்ல ஆறு பேரு." அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கால் படி கேவுரு இருந்தா ஒரு வேள எல்லாரும் கூழு குடிச்சிருப்பாங்க. அதத் தூக்கிக் குடுத்துக்கீறாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "மைக்ல சொல்லணும் சார். நீங்களே சொல்லணும். ஒவ்வொரு பேரா."

பேனரை நானே அவிழ்த்தேன். புதிதாக அடித்ததில் பத்தொன்பது பெயர். என் பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னேன். போடுவதாக யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆடி ஞாயிறன்று அண்டாக்களில் கூழ் கொதிக்கும்போது மைக்கை என் கையில் கொடுத்தார்கள். எட்டு வாரம் படித்த கல்விக்கு அன்றுதான் உண்மையான தேர்வு. "நாகப்பன் வீடு, ஐந்து படி" என்று தொடங்கினேன். அவருடைய பேரன் கைகூப்பினார். "பச்சையப்பன் வீடு, கால் படி." கூட்டத்தில் சரசாவின் பக்கமிருந்து பெண்கள் குலவை போட்டார்கள். ஐந்து படிக்கு யாரும் குலவை போடவில்லை. அதற்குப்பின் ஒவ்வொரு காலுக்கும் அரைக்கும் குலவை எழுந்தது. நாகப்பனின் பேரனும் சேர்ந்து கைதட்டினார். கடைசியில், "முதலில் இந்தக் கணக்கைத் தப்பாகப் படித்தது நான்தான்" என்று சொல்ல நினைத்திருந்தேன். சொல்லவும் சொன்னேன். ஆனால் அதற்குள் பம்பை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். யாருக்கும் கேட்கவில்லை.

திரும்பச் சொல்லலாமா என்று மைக்கைப் பிடித்தபடி நின்றேன். டில்லிபாபு வந்து அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

"போதும் சார். போய் வரிசையில நில்லுங்கோ. கூழு ஆறிடும்."

போய் நின்றேன். எனக்கு முன்னால் நீளமான வரிசை இருந்தது. நின்ற ஐந்து நிமிடத்தில் ஒருவர் வந்து, வீட்டில் பழைய பத்திரம் ஒன்று இருக்கிறது, படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். கை தானாக மூக்குக் கண்ணாடிக்குப் போயிற்று.

"எல்லாப் பக்கத்தையும் கொண்டு வாங்க" என்றேன்.