மூன்று ஏஸும் ஒரு நாய்க்குட்டியும்

கோவிலம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டுக்கு அடியில் கிடந்த நாய்க்குட்டி எனக்கு வேண்டும். மூன்று வாரமாகப் பால் ஊற்றியவன் நான். மேல் வீட்டு சத்யபிரியாவுக்கும் அதுதான் வேண்டும். "சீட்டாடி முடிவு பண்ணிக்கலாம் அண்ணா" என்றாள். ரம்மியில் அவளை ஜெயிக்க இந்த ஏரியாவிலேயே ஆள் கிடையாது. நான் என்ன ஏமாளியா?

"ராஸ் ஆடலாம்மா" என்றேன். போக்கரில் ஒரு வகை அது, அவளுக்குத் தெரியாது.

ஞாயிறு காலை, எதிர் வீட்டுப் பையன் ஃபிரெடியின் ஹாலில் விதிகளைச் சொன்னேன். ஆளுக்கு ஏழு சீட்டு. முதலில் இரண்டு மூடி, ஒன்று திறந்து, மீதி நான்கும் பிறகு ஒவ்வொன்றாக. கடைசியில் யாருடைய ஐந்து சீட்டு சின்னதோ அவருக்கு ஜெயம். ஏஸ்தான் எல்லாவற்றிலும் சின்னது. கூடவே ஓர் அறிவுரையும் கொடுத்தேன்: முதல் மூன்றும் எட்டுக்குள், ஜோடி சேராமல் இருந்தால் மட்டும் ஆடணும், இல்லையென்றால் கவிழ்த்துவிடணும். ஜோடி பற்றிச் சொன்னபோது அவள் குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பந்தயம் புளியங்கொட்டை. ஒருவர் கொட்டை தீர்ந்தால் குட்டி மற்றவருக்கு. வந்த குப்பையையெல்லாம் ஐந்து முறை கவிழ்த்தேன். ஆறாவதில் மூடியது இரண்டும் நான்கும், திறந்தது ஏழு. அருமை! அவளுக்குத் திறந்தது ஏஸ். திறந்த சீட்டு பெரிதாக இருப்பவர்தான் முதலில் கட்டணும் என்பதால் நான் ஒரு கொட்டை வைத்தேன். அவள் மொத்தக் குவியலையும் தள்ளினாள். நானும் என்னிடம் இருந்ததையெல்லாம் வைத்தேன். இனிக் கட்ட எதுவும் இல்லை, சீட்டைத் திறந்தோம்.

அவளிடம் மூன்று ஏஸ்!

"இதைவிடச் சின்னது உண்டா?" என்று கை தட்டினாள். ஃபிரெடி சோபாவிலிருந்து சரிந்து விழுந்தான். "அக்கா, மூணு ஏஸும் சேர்ந்து ஒரு ஏஸ்தான். மீதி நாலும் வேற வேறயா, சின்னதா வரணும்!"

எனக்கோ இரண்டே சின்னச் சீட்டு போதும். குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஃபிரெடி போட்டான். எனக்கு ராஜா, அவளுக்கு ஆறு. எனக்கு ராணி, அவளுக்கு மூன்று. எனக்கு இன்னொரு ஏழு, அவளுக்கு ஐந்து. எனக்கு வியர்த்தது. கடைசியாக எனக்கு இன்னொரு நான்கு. அவள் தன் சீட்டைத் திருப்பினாள். இரண்டு.

ஆறு, ஐந்து, மூன்று, இரண்டு, ஏஸ். என்னிடம் ராஜாவும் ராணியும் உட்கார்ந்திருந்தார்கள்.

சத்யபிரியா சோபாவில் ஏறிக் குதித்தாள். ஃபிரெடிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல். கோபம்தான் எனக்கு வந்திருக்க வேண்டும், சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் குட்டியை மடியிலிருந்து மெதுவாகத்தான் எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கி அணைத்துக்கொண்டு, மிகுந்த பரிவோடு எனக்குப் பாடம் சொன்னாள்.

"விடுங்கண்ணா. அடுத்த தடவை மூணு ஏஸ் வர்ற வரைக்கும் பொறுமையா இருங்க."