கந்தன் மகளின் மருந்து

யுத்தம் தொடங்கி மூன்றாவது கோடையில் சேலத்து மருந்துக் கடைகளில் இன்சுலின் தீர்ந்துபோனது. கப்பல் வரவில்லை என்றார்கள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

சங்ககிரிக்குத் தெற்கே ஒரு பண்ணையத்தில் அந்த மருந்தை நம்பி இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி பண்ணையத்துக்காரி சௌந்திரம். சின்ன வயதில் கணவனை இழந்தவள். நீரிழிவு வந்து உடம்பு பாதியாகக் கரைந்த பிறகு, தினமும் ஊசி போட்டுத் தேறியவள். இன்னொருத்தி அவளுடைய நிலத்தில் வேலை செய்த கந்தனின் மகள் பழனியம்மாள். அவளுக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும். சேலத்து மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் அவளுக்குத் தருமமாக மருந்து கொடுத்து வந்தார். ஊசி போடுவதை அவள் அம்மா சாலம்மாள் நர்சிடம் கற்றுக்கொண்டிருந்தாள்.

மதராசில் ஒரு கடையில் கொஞ்சம் இருக்கிறது என்று டாக்டர் தகவல் சொன்னார். இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கிவரச் சீட்டு எழுதிக் கொடுத்தார். புறப்பட்டவன் சௌந்திரத்தின் தம்பி சென்னிமலை. அக்காளின் பண்ணையத்தைப் பார்த்துக்கொண்டவன் அவன்தான். அக்காள் படுக்கையில் கிடந்த நாட்களில் அவளுக்குக் கஞ்சி ஊட்டியதும் அவன்தான்.

மதராஸ் கடையில் மருந்தைக் கட்டிக் கொடுத்த கம்பவுண்டர் பொறுமையான மனிதர். தகரப் பெட்டிக்குள் மரத்தூளைக் கொட்டி, அதன் நடுவே ஐஸ் கட்டியை வைத்தார். பாட்டில்களைப் பஞ்சில் சுற்றிச் சிறிய டப்பாவில் போட்டு, ஐஸில் படாதபடி மரத்தூளுக்குள் தள்ளிப் புதைத்தார்.

"ஐஸ் உருகினா வேற வாங்கிப் போட்டுக்குங்க. ஆனா பாட்டில் மேல நேரா படக் கூடாது. குளிர்ச்சியா இருந்தாப் போதும். சூடு பட்டா மெதுவாக் கெடும், உறைஞ்சா அப்பவே கெட்டுது. உறைஞ்ச மருந்து திரும்ப இளகினாலும் நம்பாதீங்க, கொட்டிடுங்க."

டப்பாவில் சௌந்திரத்தின் பாட்டில்களுக்கு மட்டும்தான் இடம் இருந்தது. பழனியம்மாளின் பாட்டில்கள் வெளியே நின்றன.

"இதை என்ன பண்றது?" என்றான் சென்னிமலை.

"ஒரு மண்கூசாவுல போட்டு, ஈரத்துணியைச் சுத்துங்க. வெயில் படாத ஜன்னல் பக்கம் தொங்க விடுங்க, காத்து பட்டுக்கிட்டே இருக்கணும். துணி காயாமப் பார்த்துக்கிட்டா ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் ஒண்ணும் ஆகாது."

சென்னிமலைக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் சொன்னபடி செய்தான். ஒப்புக்கொண்ட காரியத்தைச் செய்யாமல் விடுகிறவன் இல்லை அவன். காலை ரயிலில் நிழல் விழும் பக்கமாக இடம் பிடித்து, ஜன்னல் கம்பியில் கூசாவைக் கட்டினான். பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டான். வண்டி நின்ற இடங்களில் எல்லாம் தன் துண்டை நனைக்கும்போது கூசாவின் துணியையும் நனைத்தான்.

ஜோலார்பேட்டையில் வண்டி நின்றது, நின்றது நின்றதுதான். பட்டாள வண்டிகளுக்கு வழி விட வேண்டும் என்றார்கள். பிளாட்பாரத்தில் தகரக் கூரை காய்ந்து அனல் கொட்டியது. பெட்டியைத் திறந்து பார்த்தான். ஐஸ் பாதிக்கு மேல் தண்ணீராகி மரத்தூளில் ஊறியிருந்தது.

சோடாக் கடையில் ஐஸ் கிடைத்தது. ஆனால் அதுவும் எத்தனை நேரம் தாங்கும்? அக்காளின் முகம் கண்ணுக்குள் வந்தது. மருந்து கிடைக்காத இந்தச் சில நாட்களில், இருந்த கடைசிப் பாட்டிலை அளவு குறைத்துப் போட்டதிலேயே அவள் கன்னம் ஒட்டிவிட்டது.

மதராசில் ஒரு ஹோட்டலில் ஐஸ்கிரீம் செய்வதை அவன் பார்த்திருக்கிறான். ஐஸோடு கல்லுப்பைக் கலந்து மரத்தொட்டியில் கொட்டுவார்கள். உப்பு சேர்ந்தால் குளிர் பலமடங்கு ஏறி, நடுவில் சுற்றும் பால் கட்டியாகிவிடும். அந்தப் பாலைத்தான் அவன் அப்போது நினைக்கவில்லை. குளிரை மட்டுமே நினைத்தான்.

சாப்பாட்டுக் கடையில் ஒரு பொட்டலம் கல்லுப்பு வாங்கினான். ஐஸை உடைத்து, உப்பைக் கலந்து, டப்பாவைச் சுற்றி நாலு பக்கமும் நெருக்கி அடைத்தான். தொட்டால் விரல் மரத்தது. அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

சேலம் ஜங்ஷனில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சூரமங்கலத்தில் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தான்.

பாட்டில்கள் வெள்ளையாக இருந்தன. ஒன்று நெடுக விரிசல் விட்டிருந்தது. அதை எறிந்துவிட்டு மற்றவற்றைக் குலுக்கினான். உள்ளே எதுவும் அசையவில்லை.

அவன் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து மூடினான். கொஞ்ச நேரத்தில் மருந்து இளகியது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். தண்ணீர் போலத்தான் இருந்தது. உற்றுப் பார்த்தால் மட்டும் நூல் நூலாக ஏதோ மிதந்தது.

பிறகு கூசாவைப் பிரித்தான். துணி ஈரமாக இருந்தது. உள்ளே இருந்த பாட்டில்கள் கிணற்றடிக் கல்லைப் போலக் குளுகுளுவென்று, பளிங்காக இருந்தன. அதே கம்பெனி, அதே லேபிள், அதே மூடி. எது யாருடையது என்று அவனைத் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது.

பஸ் வந்து ஓட்டுநர் கூப்பிடும் வரை அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். எழுந்தபோது பாட்டில்கள் இடம் மாறியிருந்தன.

பண்ணையத்து வாசலில் கந்தன் நின்றிருந்தான். கூசாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"சாமி, நீங்க மகராசனா இருக்கோணும்."

"வெயில் படாம வையி. துணி காயக் கூடாது. சாலம்மாகிட்டச் சொல்லு."

"நனைச்சுக்கிட்டே இருப்பமுங்க, பண்ணாடி."

சென்னிமலை வேகமாக உள்ளே போய்விட்டான்.

சாலம்மாள் குடிசை மூலையில் மணலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, அதற்குள் கூசாவைப் புதைத்து வைத்தாள். வேளை தவறாமல் ஊசியைக் கொதிக்க வைத்துப் போட்டாள். ஆனால் பழனியம்மாளுக்குத் தாகம் திரும்ப வந்தது. சொம்பு சொம்பாகக் குடித்தாள். குடித்ததெல்லாம் போய்க்கொண்டே இருந்தது. ஆடு மேய்க்கப் போனவள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு வாந்தி. ஒரு காலையில், ஓடி வந்தவளைப் போல நெஞ்சு ஏறி இறங்க மூச்சு வாங்கினாள். வாயில் அழுகிய பழத்தின் வாசம் அடித்தது.

சாலம்மாள் பாட்டிலை எடுத்துக்கொண்டு பண்ணையத்துக்கு ஓடி வந்தாள்.

"ஆத்தா, மருந்து ஏற மாட்டேங்குதுங்க. உங்களுக்கு ஏறுதுங்களா?"

சௌந்திரம் தேறியிருந்தாள். அன்று காலைதான் களத்துமேடு வரை நடந்து வந்திருந்தாள். பாட்டிலை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தாள். நூல் நூலாக மிதந்தது.

"எங்க வெச்சிருந்தே?"

"மணல்லதானுங்க. நேத்தைக்கு முந்தின நாள் மட்டும் தண்ணி தெளிக்க மறந்துட்டனுங்க. களை வெட்டப் போயிட்டனுங்க. அதுலதான் கெட்டுப்போச்சுங்களா?"

சௌந்திரத்துக்குத் தம்பி கொண்டுவந்த தகரப் பெட்டியின் ஞாபகம் வந்தது. மரத்தூளைக் கொட்டிக் காயவைத்தபோது அதில் வெள்ளையாகப் பூத்திருந்தது. மாடு ஒன்று வந்து அதை நக்கி நக்கித் தின்றது. அன்றைக்கு அவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை. உறைந்த மருந்தில்தான் இப்படி நூல் மிதக்கும் என்று டாக்டர் எப்போதோ சொன்னதும் இப்போது நினைவுக்கு வந்தது.

உள்ளே போய்த் தம்பியைக் கேட்டாள்.

"ஐசுல உப்புப் போட்டியா?"

அவன் மருந்து அலமாரியைப் பார்த்தான்.

"சென்னிமலை, யாரோட பாட்டில் உறைஞ்சுது?"

"உன்னுதுதான்." அவன் அவள் பக்கம் திரும்பினான். "நான் என்னக்கா பண்ணட்டும்? உன்னையத் தூக்கிக் குடுத்துட்டு ஊட்டுக்குள்ள தனியா உக்காந்திருக்கவா? உறைஞ்சது கொஞ்சமாவது வேலை செய்யும்னு நெனச்சேன்."

"நெனச்சியா?"

"நெனச்சுக்கிட்டேன்."

சௌந்திரம் அலமாரியைத் திறந்தாள். நல்ல பாட்டில்களில் ஒன்று ஏறக்குறைய முடிந்திருந்தது. திறக்காதது இன்னும் இருந்தது. அதை எடுத்தாள். சென்னிமலை அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அதையும் குடுத்துட்டு நீ என்ன பண்ணுவே? அடுத்தது எப்ப வருமோ தெரியாது. அந்தப் புள்ளைக்கு மூச்சு மாறிப்போச்சாமா. இனி ஊசி போட்டாலும் நிக்குமான்னு ஆருக்குத் தெரியும்? ரெண்டு பேரும் போறதுக்கு ஒருத்தராவது..."

அவள் கையை உதறிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. பாட்டில் கையில் இருக்க, அலமாரியின் முன்னால் நின்றாள். அவளுக்குச் சாகப் பயமாக இருந்தது. போன சில நாட்களாகத்தான் நாக்கில் ருசி தெரிந்தது, காலில் பலம் வந்தது. வாசலில் சாலம்மாள், "ஆத்தா, ஆத்தா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனை நேரம் அப்படி நின்றோம் என்று பின்னால் சௌந்திரத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. வாசலில் விழுந்த நிழல் சுருங்கிப் படிக்கட்டுக்குக் கீழே போயிருந்தது.

பிறகு வெளியே வந்து பாட்டிலைச் சாலம்மாளிடம் கொடுத்தாள்.

"இதைப் போடு. வண்டி கட்டச் சொல்றேன். சேலத்துக்குப் போயிருங்க."

பெட்ரோல் கிடைக்காத காலம்; காருக்கு வழியில்லை. மாட்டு வண்டியில்தான் போனார்கள். வண்டியில் ஏற்றும் முன் சாலம்மாள் ஊசி போட்டாள். கந்தன் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மீதி மருந்தை ஈரத்துணியில் சுற்றிக் கையிலேயே பிடித்திருந்தான். மகுடஞ்சாவடி தாண்டும்போது பழனியம்மாளின் மூச்சு மெதுவானது. தூங்குகிறாள் என்று நினைத்து அவன் விசிறிக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் வண்டியிலேயே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

மகளின் காரியம் முடிந்த மறுநாள் கந்தன் பண்ணையத்துக்கு வந்தான். வாசலுக்கு வெளியே நின்று ஈரத்துணி மூட்டையை நீட்டினான்.

"ஆத்தா, உங்க மருந்துங்க. ஒரு ஊசிதான் எடுத்தது. துணி காயாமப் பார்த்துக்கிட்டமுங்க."

சென்னிமலை வாங்கப் போனான். சௌந்திரம் தடுத்தாள்.

"அது என்னுது இல்லை, கந்தா. உம் மவளோடது. மொதல்லயே அவளோடதுதான். என்னுது வழியில உறைஞ்சு கெட்டுப்போச்சு. அதை உனக்குக் குடுத்துட்டு இதை இங்க வெச்சுக்கிட்டோம்."

கந்தனுக்கு உடனே விளங்கவில்லை. சென்னிமலையைப் பார்த்தான். சென்னிமலை தரையைப் பார்த்தான்.

"அப்பச் சாலம்மா மணல் காய உட்டதால இல்லீங்களா?"

"இல்லை."

"அவ அழுது அழுது மண்டைய முட்டிக்கிறாளுங்க. நானும் ரெண்டு அடி அடிச்சுப்போட்டனுங்க."

கையிலிருந்த மூட்டையைப் பார்த்துவிட்டுக் கந்தன் கேட்டான்:

"எம் புள்ளை மருந்து இத்தனை நாளா உங்க ஒடம்புலதானுங்களா ஓடுச்சு?"

"ஆமா."

அவன் மூட்டையை எறியவில்லை, உடைக்கவில்லை. மதில் நிழலில், வெயில் எட்டாத இடமாகப் பார்த்துக் கீழே வைத்தான். திரும்பி நடந்தான். அந்த வாரமே புருஷனும் பெண்டாட்டியும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். மேட்டூர்ப் பக்கம் பார்த்ததாக யாரோ சொன்னார்கள்.

மூட்டை நிழலிலேயே கிடந்தது. அதைத் தொடக்கூடாது என்றுதான் சௌந்திரம் நினைத்தாள். மத்தியானத்துக்கு மேல் பொழுது சாய ஆரம்பித்ததும் வெயில் மதிலைத் தாண்டி மண்ணில் ஊர்ந்து வந்தது. அது துணியின் ஓரத்தைத் தொடும் முன்னால் அவள் எழுந்து போய் எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் ஊசியைக் கொதிக்க வைத்தாள்.

அடுத்த கப்பல் வரும் வரை அந்த மருந்து போதுமானதாக இருந்தது.