பதினோராவது வரி

அந்த விளம்பர அலுவலகத்தின் தலைவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவோ, அங்கே அவர் 'மூணு செகண்டு'. கட்டை விரல் போனில் ஒரு பதிவைத் தள்ளிவிடாமல் மூன்று நொடி நின்றால் தான் அது பதிவு, நிற்காவிட்டால் குப்பை என்பது அவருடைய வேதம். சுவரில் பெரிய திரை ஒன்று உண்டு. எந்தப் பதிவில் எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டுப் போனார்கள் என்பது அதில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு எதிரே உட்கார்ந்து, மருத்துவமனைக்கும் மெத்தைக் கடைக்கும் யோகா வகுப்புக்கும் முதல் வரி எழுதுவதுதான் அவள் வேலை. ஆறு வருடமாக எழுதுகிறாள். எல்லோரும் அவளை 'முதல்வரி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளை மட்டமாக எழுதுகிறவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 'இதைப் பார்த்தால் அதிர்ந்து போவீர்கள்' என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால், "அதிர வைக்கிற விஷயம் இருந்தா அதையே எழுது. இல்லாட்டி பொத்திக்கிட்டுப் போ" என்பாள். முதல் வரி ஒன்றைக் காட்டினால் அதற்குள் அது இருக்க வேண்டும். இரண்டாவது பத்திக்குள் கையில் கொடுத்துவிட வேண்டும். திரையில் முதல் இரண்டு வரிதான் தெரியும், அதற்குக் கீழே எல்லாம் 'மேலும்' என்ற சொல்லுக்குள் மூடிக்கிடக்கும்; ஆகவே முக்கியமானது மேலே வர வேண்டும். முழங்கால் வலிக்கு எழுதினால் 'வலியா?' என்று கேட்காதே, 'மாடிப்படியில் இறங்கும்போது மட்டும் வலிக்கிற முழங்கால்' என்று எழுது, அந்த முழங்கால்காரன் தானாக நிற்பான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதையெல்லாம் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்!

பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை விடிகாலை அவளுடைய தம்பி செத்துப்போனான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். இரவு வேலை முடிந்து இருசக்கர வண்டியில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது, குளிர்பதனக் கிடங்குகள் இருக்கிற சாலையின் வளைவில் ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆறு மணிக்கு நடைப்பயிற்சி போனவர்கள் பார்த்தபோது உயிர் இல்லை. அந்தச் சாலையில் போலீஸ் கேமரா கிடையாது. கிடங்குக் கேமராக்கள் தங்கள் வாசலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தன.

அவளுக்கு அழுகை வரவில்லை. அடக்கிக்கொண்டாள் என்று நினைக்க வேண்டாம், உண்மையாகவே வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட பிறகு கன்னம் எங்கே இருக்கிறது என்றே தெரியாதே, உடம்பு முழுவதும் அப்படி இருந்தது. சோறு போட்டால் சாப்பிட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அம்மாவும் அழவில்லை. வந்து நின்ற இன்ஸ்பெக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அவனத் தூக்குல போடணும்னு நான் கேக்கல சார். என் முன்னாடி கொண்டுவந்து நிறுத்துங்க. ஏன்டா நிக்காம போனேன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

"சாட்சி வேணும்மா. யாராவது பாத்திருக்கணும்" என்றார் அவர்.

யாராவது பார்த்திருந்தால் அவரைத் தேடிப் பிடிப்பது மகளின் தொழில். வெள்ளிக்கிழமை மதியம், சோபாவில் உட்கார்ந்து நான்கு நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டாள். யோசிக்கவே இல்லை. கை தானாக ஓடியது.

'என் தம்பி கடைசியாகச் சொன்ன ஒரு வார்த்தை... அதைக் கேட்டால் உங்களால் இன்று தூங்க முடியாது.'

அதற்குக் கீழே அவன் சிரிக்கிற படம். அப்புறம் அவன் சின்ன வயதில் எப்படி இருந்தான், எப்படி அக்கா பின்னாலேயே சுற்றுவான் என்று பத்து வரி. சாலை, தேதி, நேரம், தொலைபேசி எண் எல்லாம் அதற்குப் பிறகு. கடைசி வார்த்தை என்ன என்பது எங்கேயும் இல்லை. அப்படி ஒன்று இருந்தால்தானே எழுத! வேறு யாராவது இதை அவளிடம் கொண்டுவந்திருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். தன் வீட்டுச் சாவுக்கு என்று வந்தபோது, ஆறு வருடமாகத் துரத்திக்கொண்டிருந்த மட்டமான வரியே வந்து முன்னால் நின்றது. அது பொய் என்றுகூட அவளுக்கு அன்று உறைக்கவில்லை. எதுவும் உறைக்காத நேரத்தில் அது மட்டும் எப்படி உறைக்கும்.

மூணு செகண்டு போன் செய்தார். "ம்மா, பிரமாதமா போகுது. நான் நம்ம ஆபீஸ் பேஜ்லயும் போடச் சொல்லிட்டேன்." திங்கட்கிழமைக்குள் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் பேர் நின்று பார்த்திருந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்தப் பதிவை அம்மாவுக்கும் யாரோ அனுப்பியிருந்தார்கள். அவளும் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.

அலுவலகத்தில் பின்னூட்டங்களைப் படித்துப் பதில் போடுகிற அண்ணன் ஒருவர் உண்டு. அவள் வயதுதான் இருக்கும், வழுக்கையால் அண்ணன் ஆனவர். அவள் மறுபடி வேலைக்குப் போன அன்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நாலாயிரத்து நூறு கமெண்ட். ஒண்ணு விடாம படிச்சிட்டேன்."

"ஏதாவது?"

"அழுகை பொம்மை மூவாயிரம் இருக்கும். என்ன வார்த்தைன்னு கேட்டு எழுநூறு பேர். ஏமாத்து வேலைன்னு திட்டி ஒரு இருநூறு. மீதி ஆறுதல்." கொஞ்சம் தயங்கினார். "அந்த ரோட்டுல போனவன்னு ஒருத்தன்கூட இல்லம்மா."

அவள் பதிவைத் திறந்தாள். மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவது போல மேலிருந்து விரல் வைத்து எண்ணிக்கொண்டு வந்தாள். சாலையின் பெயர் பதினோராவது வரியில் இருந்தது. அந்தச் சாலையில் போனவன் அதுவரைக்கும் ஏன் வருவான்? ஊரில் இருக்கிற இளகிய மனசுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுவிட்டு, கூப்பிட வேண்டியவனை மட்டும் கூப்பிடாமல் விட்டிருந்தாள்.

அன்றைக்கே புதிதாக எழுதினாள். இந்த முறை நான்கு மணி நேரம் ஆனது. தம்பியின் படத்தை எடுத்துவிட்டு, நேரே போய் எடுத்துவந்த அந்த வளைவின் படத்தைப் போட்டாள். தினமும் அந்த வழியாகப் போகிறவனுக்கு அந்த வளைவு தன் வீட்டு வாசல் மாதிரி தெரியும்.

'12ஆம் தேதி செவ்வாய், காலை 5.30 முதல் 6 மணிக்குள் குளிர்பதனக் கிடங்குச் சாலையில் நீங்கள் இருந்தீர்களா? உங்களிடம்தான் கேட்கிறேன்.'

இரண்டாவது வரியில் விஷயம்: அங்கே என் தம்பியை ஒரு வண்டி இடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போனது. மூன்றாவது வரியில் தொலைபேசி எண். அவ்வளவுதான். ஊர் முழுக்கப் பரப்பாமல், அந்தச் சாலையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும்படி வைத்தாள்.

மூணு செகண்டு திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஆயிரம் பேருகூட பாக்கலையேம்மா."

"ஆயிரம் பேரு வேணாம் சார்."

இது இருபத்தைந்தாம் தேதி. மறுநாள் மதியம் போன் வந்தது. ஆண் குரல், நடு வயது, பின்னால் சரக்கு இறக்குகிற சத்தம்.

"நான் மருந்து வேன் ஓட்டறவன்ங்க. செவ்வாய்க்கிழமைல கிடங்கு கேட்டு திறக்கறதுக்காக அஞ்சே முக்காலுக்கே அங்க நிப்பேன். நீங்க கேட்ட அன்னிக்கும் நின்னேன்."

அவள் பேனாவை எடுத்தாள்.

"வளைவுப் பக்கமிருந்து ஒரு டெம்போ வந்துச்சுங்க. பச்சைத் தார்ப்பாய். ஒரு பக்கம் லைட்டு இல்ல, பம்பர் தொங்கிட்டு வருது. கண்ணு மண்ணு தெரியாம போறானேன்னு திட்டினேன். வளைவுக்கு அந்தாண்ட என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா போயிருப்பேன், சத்தியமா."

"நம்பர் பாத்தீங்களாண்ணா?"

"இருட்டா இருந்துச்சும்மா, நான் பாக்கல. ஆனா எங்க வேன்ல முன்னாடி கண்ணாடில கேமரா இருக்கு. அது பாத்திருக்கும்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். இரண்டு வாரத்தில் முதல்முறையாக நெஞ்சு அடித்துக்கொள்வது அவளுக்கே கேட்டது.

"அந்தப் பதிவு வேணும்ண்ணா. நான் இப்பவே கிளம்பி வரேன்."

அவர் மெதுவாகச் சொன்னார்.

"அதாம்மா சொல்ல வந்தேன். கார்டு பத்து நாளைக்குத்தான் தாங்கும். அப்புறம் பழசு மேலயே புதுசு ஏறிடும். காலையில உங்க போஸ்ட்டப் பாத்ததும் ஓடிப்போய் பாத்தேன். போயிடுச்சு. நாலு நாளாச்சு."

அவரே தொடர்ந்தார். "நீங்க கொஞ்சம் முன்னாடி போட்டிருந்தீங்கன்னா..."

"போட்டேன்ண்ணா. பதினஞ்சாம் தேதி போட்டேன்."

"அப்படியா? எங்க ஆளுங்க குரூப்புல எதுவும் வரலையே."

"கடைசியா சொன்ன ஒரு வார்த்தைன்னு ஆரம்பிக்கும்."

"ஐயோ, அதுவா?" அவர் குரல் உள்ளே போனது. "அத மூணு நாலு தடவ பாத்தேன்மா. ஏதோ கதை விடறாங்க, கடைசில எண்ணெய் விப்பாங்கன்னு தள்ளிட்டுத் தள்ளிட்டுப் போயிட்டேன். அதுலயா ரோட்டுப் பேரு இருந்துச்சு?"

"இருந்துச்சு. உள்ள இருந்துச்சு."

அவர் மன்னிப்புக் கேட்டார். அவள், உங்க மேல தப்பு இல்லண்ணா என்றாள். அது உபசாரப் பேச்சு இல்லை, சத்தியம். பார்த்த கண்ணும், பதிந்து வைத்த கேமராவும், கைபேசியும் அந்த மனிதரிடம் ஒரே நேரத்தில் இருந்திருக்கின்றன. இரண்டு லட்சம் பேரை நிற்க வைத்த வரி அந்த ஒருவரைத் தள்ளிவிட்டிருந்தது. இன்ஸ்பெக்டரிடம் பச்சைத் தார்ப்பாயையும் உடைந்த விளக்கையும் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். "இப்படி நூறு டெம்போ ஓடுது. பாப்போம். நம்பர் இருந்தா அன்னிக்கே தூக்கியிருக்கலாம்" என்றார்.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் எல்லாவற்றையும் சொன்னாள். டெம்போ, கேமரா, பத்து நாள், தள்ளிவிட்டுப் போனது. எதையும் மறைக்கவில்லை, அழகுபடுத்தவும் இல்லை.

"நான் தப்பா எழுதிட்டேன்மா. ஒழுங்கா எழுதியிருந்தா அவன் கிடைச்சிருப்பான்."

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அம்மா கையிலிருந்த சட்டையை மடித்து முடித்து, அடுக்கின் மேல் வைத்தாள்.

"நானும் அதப் படிச்சேன்டி" என்றாள். "தினம் படிக்கறேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு முதல்லேந்து கடைசி வரைக்கும். எங்கயோ விட்டுட்டேன் போல. நீ அழுவியேன்னுதான் கேக்கல."

"என்னம்மா?"

"அவன் கடைசியா என்ன சொன்னான்?"

அவளால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினாலு நாளாக எங்கேயோ நின்றுகொண்டிருந்த அழுகை, வரக்கூடாத அந்த நேரத்தில் வந்தது.

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றாள். "நான்தான் எழுதினேன்."