வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று வரை

மூன்று பேரையும் ஒரு மணி நேரம் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும். பிரபாவதிக்கு அந்த வாரம் இருந்த வேலை அவ்வளவுதான். ஐந்து வாரமாக அது நடக்கவில்லை.

கேளம்பாக்கத்துக்குச் சற்று முன்னால், சாலையோரத்தில் கண்ணாடிச் சுவரோடு நிற்கும் மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் அவள் இருந்தாள். தேர்வர்களை அழைப்பது, நேரம் குறிப்பது, அறை பிடிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கேள்வி கேட்பதும் ஆளை எடுப்பதும் மற்றவர்கள். ஆனால் திட்டு வாங்குவது அவள்.

திங்கட்கிழமை காலையில் ஜெஸ்ஸி போன் செய்தாள்.

"மேடம், என்னை ஞாபகம் இருக்குதா? ரெண்டு தடவை வந்துட்டுத் திரும்பிப் போனேனே."

மறக்க முடியுமா? முதல் தடவை அவள் வந்து சேர்ந்த பிறகுதான், நேர்காணல் எடுக்க வேண்டிய மூவரில் ஒருவரான சியாமளா மேடத்துக்கு வாடிக்கையாளர் வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. இரண்டாம் தடவை அந்த மூவரில் இன்னொருவனான ரோஹித்தின் குழுவில் ஏதோ கோளாறு. அவன் கணினியை விட்டு எழவே இல்லை. ஜெஸ்ஸி கல்பாக்கம் அணுமின் நிலைய டவுன்ஷிப்பிலிருந்து வருகிறவள். கணவனுக்கு அங்கே நிரந்தர வேலை. பத்து மாதக் குழந்தை. அவள் இப்போது வேலை பார்க்கும் சின்ன நிறுவனம் மாதக் கடைசியில் மூடுகிறது.

"புனேல ஒரு கம்பெனி ஆஃபர் குடுத்துட்டாங்க மேடம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். அதுக்குள்ள இங்க நடந்துடும்னா நான் அங்க வேணாம்னு சொல்லிடுவேன். புனே போனா பாப்பாவை யார்கிட்ட விடறதுன்னே தெரியல. அவருக்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது."

"இந்த வாரம் முடிச்சிடறேன் ஜெஸ்ஸி," என்றாள் பிரபாவதி. சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தாள்.

தலைமைப் பொறுப்பில் இருந்த பாலசுப்ரமணியன் சார் ஒரு விதி வைத்திருந்தார். நேர்காணல் செய்பவர்கள், அவரையும் சேர்த்து மூன்று பேரும், ஒன்றாக உட்கார வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒருவர் நல்ல ஆள் என்பார், ஒருவர் வேண்டாம் என்பார், அப்புறம் மின்னஞ்சலில் சண்டை. போன வருடம் அப்படி ஒரு சண்டை நடந்து, எடுத்த ஆள் மூன்றே மாதத்தில் போய்விட்டான்.

பிரபாவதி மூன்று பேரின் நாள்காட்டியையும் கணினியில் ஒன்றின் கீழ் ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டாள். சியாமளா மேடம் தரமணி அலுவலகத்துக்காரர். இங்கே செவ்வாயும் வியாழனும் மட்டும் வருவார். நாலரைக்கு அவர் வண்டி கிளம்பிவிடும். ரோஹித் இரண்டாம் ஷிப்ட். ஒரு மணிக்கு வந்து, அரை மணி நேரம் முதல் ஷிப்டிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டு, ஒன்றரைக்குத்தான் கைக்குக் கிடைப்பான். பாலசுப்ரமணியன் சாருக்கு வியாழன் மூன்றிலிருந்து நாலரை வரை லண்டன்காரர்களோடு பேச்சு. செவ்வாய் மூன்று மணி வரை சியாமளா மேடம் பயிற்சி வகுப்பு எடுப்பார்.

மிச்சம் இருந்தது இரண்டே இடம். செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை. வியாழன் ஒன்றரையிலிருந்து மூன்று. இரண்டும் சாரின் நாள்காட்டியில் சாம்பல் நிறத்தில் அடைக்கப்பட்டு, உள்ளே பூட்டுப் படம் மட்டும் போட்டிருந்தது.

அது என்ன என்று அவளுக்குத் தெரியும். இந்த இருக்கையில் முன்பு இருந்தவர் உப்பிலி. திருக்கழுக்குன்றத்துக்காரர், பஞ்சாங்கம் பார்க்காமல் பேனா மூடியைக் கழற்றாதவர். வேலையை விட்டுப் போகும்போது எழுதிக் கொடுத்த தாளில் மூன்றாவது வரி: 'பா.சு. சார் காலண்டரில் ராகு காலம் அடைத்திருக்கிறது. அந்த நேரத்தில் எதுவும் வைக்காதே.' அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். ஒன்றரை வருடமாக அவள் வைத்ததில்லை.

அதனால் ரோஹித்திடம் போனாள். "வியாழக்கிழமை மட்டும் பன்னெண்டே காலுக்கு வர முடியுமா?"

"ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக்குப் போறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது? ஒன்றரைக்கு வெச்சுக்கோயேன்."

"ஒன்றரைக்கு மேல ராகு காலம். சார் உக்கார மாட்டாரு."

"அவர்கிட்ட கேட்டியா?"

"இதையெல்லாம் போய் கேப்பாங்களா?"

ரோஹித் சிரித்தான். "எமகண்டம், குளிகை எல்லாம் போனா மனுஷனுக்கு மிச்சம் எவ்ளோ இருக்கும்? சரி, வரேன். உனக்காகத்தான். சார்கிட்ட சொல்லி ஒரு நல்ல பேர் வாங்கிக் குடு."

பன்னிரண்டே காலிலிருந்து ஒன்றே கால். மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள். அறை பதிவாயிற்று. ஜெஸ்ஸியிடம் சொன்னபோது, "கண்டிப்பா நடக்கும்தானே மேடம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குமேல் கேட்கக் கூச்சப்பட்டது குரலில் தெரிந்தது.

வியாழக்கிழமை பதினொன்றேமுக்காலுக்கே ஜெஸ்ஸி வந்துவிட்டாள். வரவேற்பறை சோபாவின் விளிம்பில், மடியில் கோப்போடு உட்கார்ந்தாள். பன்னிரண்டே காலுக்குப் பாலசுப்ரமணியன் சாரும் சியாமளா மேடமும் அறைக்குள் போனார்கள். ரோஹித் வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு நாற்பதுக்கு சார் எழுந்தார்.

"அவர் வந்தா சொல்லும்மா. நான் என் ரூம்ல இருக்கேன்."

சியாமளா மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார். "பிரபா, இது மூணாவது தடவை. ஆள் வேணும்னு கேட்டது நான். பாக்க விடாம பண்றது நீங்க எல்லாரும். நான் சாப்பிடப் போறேன்."

ரோஹித் ஒன்று இருபதுக்கு வந்தான். நேற்றைய வேலை விடியற்காலை நாலு மணிவரை இழுத்துவிட்டது. அலாரம் அடித்தது காதில் விழவில்லை. முகத்தில் தலையணைத் தடம் இன்னும் இருந்தது. அவனைத் திட்ட நேரமில்லை. ஒன்றரைக்கு முன்னால் ஆரம்பித்துவிட்டால் போதும், ஆரம்பித்த காரியத்தை சார் நிறுத்தமாட்டார் என்று பிரபாவதிக்குத் தோன்றியது. மாடிக்கு, உணவுக்கூடத்துக்கு ஓடினாள். சியாமளா மேடம் அப்போதுதான் சாம்பார் சாதத்தில் கை வைத்திருந்தார்.

"மேடம், அஞ்சு நிமிஷத்துல..."

"அஞ்சு நிமிஷத்துல முழுங்கச் சொல்றியா?"

கை கழுவிக்கொண்டு அவர் கீழே வந்தபோது ஒன்று முப்பத்தாறு.

"இப்ப போய் அவரைக் கூப்பிடு," என்றான் ரோஹித். "மூணு பேரும் இருக்கோம். ஒன்றரை மணி நேரம் இருக்கு."

பிரபாவதி சாரின் அறைக் கதவு வரைக்கும் போனாள். உள்ளே அவர் குனிந்து ஏதோ படித்துக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரிந்தது. கையைத் தூக்கினாள். தட்டவில்லை. தான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இன்னொருத்தி சாரிடம் யாருடைய ஜாதகத்தையோ பற்றிப் பேசப் போய்த் திட்டு வாங்கியது நினைவுக்கு வந்தது. திரும்பி வரவேற்பறைக்குப் போனாள்.

"ஜெஸ்ஸி, இன்னைக்கு..."

"முடியாதா?"

"மூணுலேர்ந்து நாலரை சாருக்கு கால் இருக்கு. நாலரைக்கு மேடம் போயிடுவாங்க."

ஜெஸ்ஸி கோபப்படவில்லை. கோப்பை மூடி, ரப்பர் வளையத்தை மாட்டினாள். "நாலு மணி வரைக்கும்தான் பக்கத்து வீட்டு அக்கா பாப்பாவைப் பாத்துப்பாங்க. நான் கிளம்பறேன் மேடம்."

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது பாலசுப்ரமணியன் சார் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"இன்னும் ரோஹித் வரலையா? எவ்ளோ நேரம்மா உக்காந்திருக்கறது?"

பிரபாவதி எழுந்து நின்றாள். "வந்துட்டாரு சார். ஆனா ஒன்றரை தாண்டிடுச்சு."

"தாண்டினா?"

"ராகு காலம் சார்."

அவர் அவளையே பார்த்தார். "யாருக்கு?"

"உங்க காலண்டர்ல தினமும் அடைச்சிருக்கே சார். உப்பிலி சார் சொன்னாரு."

"உப்பிலி அடைச்சு வெச்சது ராகு காலமா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஹெட் ஆபீஸ்காரங்க கூப்பிடறதுக்கு ஒதுக்கி வெச்சிருக்காங்கன்னு இல்ல நான் நினைச்சேன். ஒருத்தனும் கூப்பிட மாட்டான், நானும் நிம்மதியா மெயில் பாத்துட்டிருப்பேன். எனக்கு எந்தக் காலமும் கிடையாதும்மா. எங்க கல்யாணமே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. அந்தப் பொண்ணு எங்க?"

பிரபாவதி வெளியே ஓடினாள். வாசலில் காவலாளி சின்னையன் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாம்மா இப்டி ஓடியார? அந்த ஃபைல் வெச்சிகினு இருந்த பொண்ணா? அப்பவே ஷேர் ஆட்டோ ஏறிகினு போயிடுச்சே. மூஞ்சி சரியில்ல அதுக்கு."

அவள் இன்னொரு ஆட்டோவில் ஜங்ஷனுக்குப் போனாள். மாமல்லபுரம் பக்கம் போகும் பேருந்து இரண்டு நிமிடத்துக்கு முன் கிளம்பியிருந்தது.

"திருப்போரூர்ல மடக்கிடலாம்கா," என்றான் ஆட்டோக்காரன்.

மடக்கலாம். திரும்பி வர மணி இரண்டே முக்காலாகும். பதினைந்து நிமிடத்தில் என்ன கேட்பார்கள்? அப்போது எல்லோரிடமும் கைப்பேசி கிடையாது; ஜெஸ்ஸியிடமும் இல்லை. அவள் கொடுத்திருந்தது கணவனின் எண்; போனை வேலையிடத்துக்குள் கொண்டுபோக அவனுக்கு அனுமதியில்லை. "வேணாம், ஆபீசுக்கே விடுங்க," என்றாள் பிரபாவதி.

லண்டன் பேச்சை ஒன்றரை மணி நேரம் தள்ளிவைத்தால் ஆபீஸ் வண்டியில் போய் ஜெஸ்ஸியை அழைத்து வந்துவிடலாம், முடியுமா என்று இப்போது சாரிடமே நேராகக் கேட்டாள். கேட்பது இவ்வளவு எளிதாக இருந்தது அவளுக்கு ஆத்திரமாக வந்தது. முடியாது என்றார். வெள்ளிக்கிழமை காலையில் சியாமளா மேடத்தை மட்டும் தொலைபேசியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"ஒருத்தருக்காக விதியை மாத்தினா அப்புறம் எல்லாருக்கும் மாத்தணும். வர செவ்வாய்க்கிழமை வையேன்."

"அவங்க நாளைக்கு அஞ்சு மணிக்குப் புனேக்கு பதில் சொல்லணும் சார்."

"அப்ப அவங்க அதிர்ஷ்டம்."

"காலண்டர்ல அந்த அடைப்பை எடுத்துடவா சார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது இருக்கட்டும்மா. மெயில் பாக்கவாவது ஆகும். உனக்கு வேணும்னா எங்கிட்ட கேட்டுக்கோ."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஜெஸ்ஸியே போன் செய்தாள். பக்கத்து வீட்டிலிருந்து பேசினாள். பின்னால் குழந்தை சிணுங்கியது.

"ஏதாவது ஆச்சா மேடம்?"

செவ்வாய்க்கிழமை வைக்கலாம் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பிரபாவதியால் முடியவில்லை. நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். ராகு காலம் என்று தான் நினைத்தது, சார் அந்த நேரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தது, தான் கதவைத் தட்டாமல் திரும்பியது.

மறுமுனையில் ஜெஸ்ஸி குழந்தையை 'ஷ்' என்று அடக்கினாள்.

"நான் அப்ப அங்கதானே உக்காந்துட்டு இருந்தேன்."

"ஆமா."

"ரோஹித் சார் வந்தாச்சு. அந்த மேடமும் வந்தாங்க. நான் பாத்தேன்."

"ஆமா ஜெஸ்ஸி."

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க மேடம். ராகு காலம் எப்போன்னே எனக்குத் தெரியாது."

"செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு வெச்சிருக்கேன். கண்டிப்பா," என்றாள் பிரபாவதி.

"நீங்க வெச்சுடுவீங்க. அவங்க எடுப்பாங்களான்னு செவ்வாய்க்கிழமை தெரியும். புனேல இன்னைக்கே கேக்கறாங்க. மாசக் கடைசியில சம்பளம் நின்னுடும்." யாரிடமோ குழந்தையைக் கொடுத்தாள் போலிருந்தது, சத்தம் தூரமாயிற்று. "ஆறு மாசம் அம்மா பாத்துக்கறேன்னு சொல்றாங்க. இங்க மெயில் அனுப்ப பிரவுசிங் சென்டர் அஞ்சு மணி வரைக்கும் இருக்காது, கரண்ட் போயிடும். நான் இப்பவே போகணும் மேடம்."

"ஜெஸ்ஸி..."

"வேற யாரையாவது கூப்பிடறப்போ அவரைக் கேட்டுட்டுக் கூப்பிடுங்க," என்றாள் ஜெஸ்ஸி. வைத்துவிட்டாள்.

பிரபாவதி செவ்வாய்க்கிழமை அழைப்பைத் திறந்தாள். மூன்று பேரும் அதற்குள் சம்மதம் அனுப்பியிருந்தார்கள். இந்த முறை பத்து நிமிடத்துக்குள். அவள் அதை நீக்கினாள். ஏன் என்று கேட்டு ரோஹித்தின் மின்னஞ்சல் முதலில் வந்தது.