வளைந்து போன வரி

விஷ முறிவு உதவி மையத்தில் அவளைச் சின்னக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். போனில் வரும் பாட்டில் படங்களைப் படித்து, டாக்டருக்குச் சொல்லி, கணினியில் ஏற்றுவது அவள் வேலை.

"மேடம், பாப்பா குடிச்சிட்டா!" அப்பாக்காரன் குரல் நடுங்கியது. "கடைசிச் சொட்டும் வடியட்டும்னு யாரோ பாட்டிலைக் கப்புல கவுத்து வெச்சிருக்காங்க. பாட்டிலோட கப்பைச் சாய்ச்சு, அதுல இருந்ததை வாயில ஊத்திக்கிட்டா."

"என்ன மருந்து சார்?"

"ஏதோ கழுவுறதும்மா. வீட்டு ஓனர் விட்டுட்டுப் போனது. தொடவே பயமா இருக்கு. படம் அனுப்பிட்டேன்."

நின்றபடி மேலிருந்து எடுத்த படம். எழுத்தெல்லாம் தலைகீழ். பெயர் இருந்த கழுத்துப் பகுதி கப்புக்குள் மறைந்திருந்தது. சின்னக்கா படத்தைத் திருப்பினாள். நடுவில் பொருள்களின் பெயர், வலது ஓரத்து வளைவில் சதவீதம்.

"காரம் எவ்வளவு, சின்னக்கா? சீக்கிரம்!" பக்கத்து மேஜை டாக்டர்.

'சோடியம் ஹைட்ராக்சைடு.' தொண்டையையே அரிக்கும் காரம் அதுதான். கண்ணை நேரே வலப்பக்கம் ஓட்டினாள். "பாயிண்ட் ஒண்ணு, டாக்டர்."

"அப்பாடா! வாயைக் கழுவி ரெண்டு மடக்கு தண்ணி குடுக்கச் சொல்லு. வீட்டுலயே பாத்துக்கட்டும்."

சொன்னாள். "பயப்படாதீங்க சார்" என்றும் சேர்த்துச் சொன்னாள். அவன் அழுதுகொண்டே நன்றி சொல்லி வைத்தான்.

பிறகுதான் பதிவுக்காக மற்ற வரிகளைத் தட்டினாள். வாசனைப் பொருள்: 25.

விரல் நின்றது. இருபத்தைந்து சதவீதம் வாசனையா? அத்தர் பாட்டிலா இது?

வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் போனாள். நேராக ஓடவில்லை. பாட்டில் உருண்டை என்பதால் ஒவ்வொரு வரியும் நடுவில் மேடேறி, ஓரத்தில் வில்லாய்க் கீழே இறங்கியது. நேரே பார்த்த கண் மேல் வரியின் எண்ணில் போய் உட்கார்ந்திருக்கிறது. பாயிண்ட் ஒண்ணு மேல் வரியில் இருந்த நிறமிக்கு. இருபத்தைந்து காரத்துக்கு.

"டாக்டர்! தப்பாப் படிச்சிட்டேன். காரம் இருபத்தஞ்சு!"

டாக்டரின் நாற்காலி சுவரில் மோதியது. "கூப்பிடு! எதுவும் குடுக்கக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லு! நான் ஆம்புலன்ஸ் சொல்றேன்."

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"சொல்லுங்கம்மா." இப்போது அவன் குரலில் பதற்றமே இல்லை. "தண்ணி குடுத்தேன். உள்ள இறங்க மாட்டேங்குது. எச்சில் மட்டும் வழியுது. தூங்கினா சரியாயிடுமா?"

"சார், அந்த எண்ணை நான் தப்பாப் படிச்சிட்டேன். பாப்பாவை உடனே தூக்கிக்கிட்டு வாசலுக்கு வாங்க. இனிமே எதுவும் குடுக்காதீங்க. ஆம்புலன்ஸ் வருது."



"நீங்கதானேம்மா," என்றான் மெதுவாக, "பயப்படாதீங்கன்னு சொன்னீங்க?"

பதில் வரும்வரை அவன் காத்திருக்கவில்லை. போன் எங்கோ விழுந்தது. செருப்பில்லாத கால்கள் படியில் இறங்கி ஓடின. அழுகைச் சத்தம் கேட்காதா என்று சின்னக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். குழந்தை அழவே இல்லை.